டேங்க் லெவல் ஆடட்டும், எவாப்பரேட்டர் ஃபீட் ஆடக்கூடாது

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன் சார். கிளியர் ஜூஸ் டேங்க் லெவல் லூப்பில் கெயின் 2, இன்டெக்ரல் டைம் 3 நிமிடம் இருந்தது. அரை மணிக்கு ஒரு ஆட்டம் வரும். ஆவரேஜிங் கன்ட்ரோலுக்குக் கெயின் குறைவாக இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு 0.5 ஆக்கினேன். இப்போது ஆட்டம் இன்னும் மோசம், ஒரு மணிக்கு ஒன்று. எவாப்பரேட்டர் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். கெயினை இன்னும் குறைக்கலாமா? டேங்க் விட்டம் 3.6 மீட்டர், லெவல் ரேஞ்ச் 3 மீட்டர். லெவல் கன்ட்ரோலரின் அவுட்புட், வெளியே போகும் ஃப்ளோ கன்ட்ரோலருக்கு செட்பாயின்ட். அந்த ஃப்ளோ மீட்டர் ரேஞ்ச் மணிக்கு 0 முதல் 150 கன மீட்டர், வழக்கமான ஓட்டம் 100.

குறைக்காதீர்கள். கெயினை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, இன்டெக்ரல் டைமை 3 நிமிடத்திலிருந்து 80 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். எழுத்துப்பிழை இல்லை, எண்பதுதான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மீதியை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

ஃப்ளோ, டெம்பரேச்சர் போன்ற லூப்களில் பழகிய கை, ஆட்டம் கண்டதும் கெயினைத்தான் குறைக்கும். அங்கே அது பலிக்கும். அந்த ப்ராசஸ்கள் தாமாகவே ஓரிடத்தில் போய் நிற்கும் இயல்புள்ளவை. வால்வைக் கொஞ்சம் திறந்தால் ஃப்ளோ கொஞ்சம் ஏறி நின்றுவிடும். டேங்க் அப்படியில்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரு கன மீட்டர் வித்தியாசம் இருந்தாலும் லெவல் ஏறிக்கொண்டேயிருக்கும், வழியும்வரை. வித்தியாசத்தைக் கூட்டிக்கூட்டிச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை. உங்கள் கன்ட்ரோலரில் இருக்கும் இன்டெக்ரல் பகுதியும் அதே வேலையைச் செய்கிறது: லெவல் பிழையைக் கூட்டிக்கூட்டிச் சேர்த்து ஃப்ளோவை நகர்த்துகிறது. ஒரு லூப்புக்குள் இப்படிக் கூட்டிச் சேர்க்கும் ஆட்கள் இரண்டு பேர் இருந்து, நடுவில் பிரேக் எதுவும் இல்லாவிட்டால், அந்த லூப் ஆடிக்கொண்டே இருக்கும். பிரேக்காக இருப்பது புரொபோர்ஷனல் பகுதி ஒன்றுதான். கெயினை 2-லிருந்து 0.5-க்கு இறக்கியபோது நீங்கள் பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறீர்கள். இன்டெக்ரல் டைம் மட்டும் பழைய 3 நிமிடத்திலேயே நிற்கிறது.

இதை எண்ணில் பார்க்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். டேங்க்கின் லெவல் ரேஞ்சுக்குள் அடங்கும் கொள்ளளவை, ஃப்ளோ மீட்டரின் முழு ரேஞ்சால் வகுக்க வேண்டும். 3.6 மீட்டர் விட்டத்துக்குப் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். 3 மீட்டர் ரேஞ்சுக்கு ஏறக்குறைய 30 கன மீட்டர். மணிக்கு 150 என்றால் நிமிடத்துக்கு 2.5. முப்பதை இரண்டரையால் வகுத்தால் 12 நிமிடம். உள்ளே எதுவும் வராமல் முழு ஃப்ளோவில் இழுத்தால் நூறு சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வர ஆகும் நேரம் அது. இதை T என்று வைத்துக்கொள்வோம். வேறொரு விதமாகச் சொன்னால், ஃப்ளோவில் 12 சதவீதம் வித்தியாசம் இருந்தால் லெவல் நிமிடத்துக்கு 1 சதவீதம் நகரும்.

ஃப்ளோ லூப் வேகமாக வேலை செய்கிறது, டெட் டைம் பெரிதாக இல்லை என்று எடுத்துக்கொண்டால், பிஐ கன்ட்ரோலரோடு சேர்ந்த இந்த லூப்பின் தணிப்பை முடிவு செய்வது கெயின் Kc-யும் இன்டெக்ரல் டைம் Ti-யும் சேர்ந்த பெருக்கல்தான்:

```
தணிப்பு   ζ  = 0.5 × √(Kc × Ti / T)
வேகம்    ωn = √(Kc / (T × Ti))
ஆட்டமில்லாமல் நிற்க (ζ = 1):  Kc × Ti = 4 × T
```

உங்கள் டேங்க்குக்கு Kc × Ti குறைந்தது 48 இருக்க வேண்டும். முதலில் உங்களிடம் இருந்தது 2 × 3 = 6. தணிப்பு 0.35 வருகிறது, ஒரு சுற்றுக்கு 28 நிமிடம். நீங்கள் சொன்ன அரை மணி இதுதான். அடுத்து 0.5 × 3 = 1.5 ஆக்கினீர்கள். தணிப்பு 0.18, ஒரு சுற்று 54 நிமிடம். கணக்கும் உங்கள் டிரெண்டும் இவ்வளவு ஒத்துப்போவதால், வால்வு, டிரான்ஸ்மிட்டர் எதையும் இப்போது சந்தேகப்பட வேண்டியதில்லை. லூப் நீங்கள் கொடுத்த எண்களுக்குச் சரியாக நடந்துகொள்கிறது.

எவாப்பரேட்டர்காரர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பதும் இதே கணக்கில் தெரியும். மில் பக்கமிருந்து சாறு மணிக்கு 30 கன மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டிங்கில் (2, 3 நிமிடம்) எவாப்பரேட்டருக்குப் போகும் ஃப்ளோ 30-ஐத் தாண்டி 42 வரை கூடி, பிறகு திரும்பும். இப்போதைய செட்டிங்கில் (0.5, 3 நிமிடம்) அது 48 வரை போகிறது. அதாவது 30-க்காக 48. அதுவும் மில்லில் மாற்றம் நடந்து 24 நிமிடம் கழித்து, மில் ஆட்களே அதை மறந்துபோன நேரத்தில். பழைய செட்டிங்கில் ஆட்டம் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒன்றாக அடங்கியது. இப்போது மூன்றில் ஒன்றாகத்தான் அடங்குகிறது. ஒரு சுற்று ஒரு மணி நேரம் என்னும்போது, அது முழுக்க அடங்குவதற்குள் கேரியரில் இன்னொரு தடங்கல் வந்துவிடும். ஆகவே ஆட்டம் நிற்கவே இல்லை என்று தோன்றும். இடையில் டேங்க் இல்லாமல் கிளாரிஃபையரிலிருந்து நேராகப் பைப் போட்டிருந்தால்கூட 30-க்கு 30 தான் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு ஆட்டத்திலும் அந்த 30 கன மீட்டர் மாற்றத்துக்கு உங்கள் லெவல் சுமார் 11 சதவீதம்தான் நகர்கிறது. ஏறக்குறைய நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. மேலேயும் கீழேயும் இருக்கும் இடம் சும்மா கிடக்கிறது. கிளியர் ஜூஸ் டேங்க்கைப் பெரிதாகக் கட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நூறு டிகிரிக்குப் பக்கத்தில் சாறு அதிக நேரம் நின்றால் சர்க்கரை இன்வெர்ட் ஆகும், நிறமும் ஏறும். சிறிய டேங்க்தான் கிடைக்கும் என்றால் அதன் முழு உயரத்தையும் வேலை வாங்க வேண்டும். வீராணம் ஏரியில் மட்டம் ஏறி இறங்குவதால்தான் சென்னைக்குப் போகும் குழாயில் தண்ணீர் சீராகப் போகிறது. அந்த மட்டம் எப்போதும் 47.5 அடியிலேயே நிற்க வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், வடவாற்றில் வருகிற ஏற்றத்தாழ்வு முழுவதும் குழாயில்தான் தெரியும். உங்கள் டேங்க்கும் அதே காரணத்துக்குத்தான் நடுவில் நிற்கிறது. லெவல் 50-இல் கோடு கிழித்தாற்போல் நிற்பதைப் பார்த்து யாராவது பாராட்டினால், டேங்க் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இனி கெயினை எப்படி முடிவு செய்வது என்று பார்ப்போம். இங்கே கெயின் என்பது பிடித்துப் பார்த்து வைக்கும் எண் இல்லை. இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது தானே வந்துவிடும். உள்ளே வரும் ஃப்ளோவில் அடிக்கடி வரக்கூடிய பெரிய மாற்றம் எவ்வளவு? அந்த மாற்றத்துக்கு லெவல் எவ்வளவு தூரம் போகலாம்?

முதல் கேள்விக்கான பதிலை டிரெண்டில் தேடுங்கள். ஒரு வார டிரெண்டை எடுத்து, மில் முழுவதுமாக நின்ற நேரங்களை விட்டுவிட்டு, ஓட்டத்திலேயே வரும் ஏற்றத்தாழ்வுகளை மட்டும் பாருங்கள். மழைக்குப் பிறகு வயலிலிருந்து சேற்றோடு வரும் கரும்பு, கேரியரில் இடைவெளி, இம்பிபிஷன் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். உங்கள் ஆலைக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளோ ரேஞ்சில் அது 20 சதவீதம். இரண்டாவது கேள்விக்கு, அலாரம் 20-லும் 80-லும் இருந்து செட்பாயின்ட் 50 என்றால், இரு பக்கமும் 30 சதவீதம் இடம் உண்டு. அலாரத்தில் போய் மோதாமல் 25 என்று வைப்போம்.

தணிப்பு 1 இருக்கும்படி Ti-யைத் தேர்ந்தெடுத்தால், லெவல் போகும் அதிகபட்ச தூரம் 0.74 × (ஃப்ளோ மாற்றம்) ÷ Kc. இதைத் திருப்பிப் போட்டால்:

```
Kc = 0.74 × 20 / 25  ≈ 0.6
Ti = 4 × 12 / 0.6    = 80 நிமிடம்
```

முன்னால் சொன்ன எண்பது இதுதான். உங்கள் இப்போதைய 0.5 கெயின் ஏறக்குறைய சரியான இடத்தில்தான் இருக்கிறது, இன்டெக்ரல் டைம்தான் இருபத்தைந்து மடங்குக்கு மேல் குறைவாக இருக்கிறது. 0.6-க்கு ஏற்றுவதை இரண்டாவதாகச் செய்துகொள்ளலாம்.

இந்த எண்களோடு என்ன நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், டிரெண்டைப் பார்க்கும்போது ஒப்பிட உதவும். சாறு வரத்து திடீரென்று மணிக்கு 30 கன மீட்டர் கூடினால், லெவல் மெதுவாக ஏறி 40 நிமிடம் கழித்து 74-ஐத் தொடும். அந்த நேரத்தில் வெளியே போகும் ஃப்ளோவும் சரியாக 30 கூடியிருக்கும். அதன் பிறகு ஃப்ளோ இன்னும் கொஞ்சம் ஏறி, 80-ஆவது நிமிடத்தில் 34 கூடுதலாக நின்று, பிறகு 30-க்கு இறங்கும். ஃப்ளோ நகரும் வேகம் தொடக்கத்தில்தான் அதிகம். அதுவும் நிமிடத்துக்கு 1 சதவீதம், அதாவது மணிக்கு ஒன்றரை கன மீட்டர். பேன் வரை போகும் சிரப்பின் பிரிக்ஸும், பிளீடிங் வேப்பரும் இவ்வளவு மெதுவான மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும்.

அந்த நாலு கன மீட்டர் ஓவர்ஷூட்டைக் கண்டு மறுபடி ட்யூனிங்கில் கை வைக்காதீர்கள். ஏறிப்போன லெவலை 50-க்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டதே நீங்கள்தான். டேங்க்கில் கூடுதலாகச் சேர்ந்த ஏழு கன மீட்டர் சாறு வெளியேற வேண்டுமானால், வரத்தைவிடப் போக்கு சிறிது நேரமாவது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். இன்டெக்ரல் இருக்கும்வரை இதை எந்த ட்யூனிங்கும் ஒழிக்காது. தணிப்பு 1-இல் அது 13.5 சதவீதம். இன்டெக்ரல் டைமை இன்னும் கூட்டினால் குறையும், ஆனால் லெவல் திரும்புவதும் தாமதமாகும்.

ஓவர்ஷூட்டே வேண்டாம் என்றால் இன்டெக்ரலையே எடுத்துவிடலாம். ஆவரேஜிங் வேலைக்கு வெறும் புரொபோர்ஷனல் கன்ட்ரோல் ஒன்றும் தாழ்ந்ததில்லை. லெவல் 50-இல் இருக்கும்போது அவுட்புட் 67 சதவீதம், அதாவது 100 கன மீட்டர் வரும்படி பயஸ் வைத்து, கெயினை 20 ÷ 25 = 0.8 ஆக்கினால், 15 நிமிட டைம் கான்ஸ்டன்ட்டோடு ஃப்ளோ வழுவழுவென்று புது இடத்துக்குப் போய் நிற்கும். லெவலும் 75-இல் போய் அங்கேயே நிற்கும். அதில்தான் சிக்கல். அடுத்த மாற்றமும் அதே திசையில் வந்தால் இடம் இருக்காது. அரவை அளவு நாளுக்கு நாள் மாறும் ஆலையில் யாராவது பயஸைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் திருத்த மாட்டார்கள். அதனால் உங்களுக்கு நான் பிஐ-யைத்தான் சொல்வேன், ஆனால் அந்த இன்டெக்ரல், பயஸை மெதுவாகத் திருத்தும் ஆளாக மட்டும் இருக்கட்டும். ஆட்டோட்யூன் பட்டன் பக்கம் போகவே வேண்டாம். அது லெவலை இறுக்கிப் பிடிக்கத்தான் எண் கொடுக்கும். கெயினை நன்றாக ஏற்றிவிட்டு, உள்ளே வருவதை அப்படியே எவாப்பரேட்டருக்குத் தள்ளிவிடும்.

எண்ணைப் போடுவதற்கு முன் T உண்மையிலேயே 12-தானா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். மில் நிதானமாக ஓடும் நேரமாகப் பார்த்து, லெவல் கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, லெவல் எந்தச் சாய்வில் நகர்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு அவுட்புட்டை 5 சதவீதம் கூட்டி, பத்து நிமிடம் பாருங்கள். புதிய சாய்வுக்கும் பழைய சாய்வுக்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 0.42 சதவீதம் வர வேண்டும், பத்து நிமிடத்தில் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். வந்தால் 12 நிமிடக் கணக்கு சரி. பாதிதான் வந்தால், லெவல் டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் நீங்கள் நினைப்பதுபோல இல்லை, அல்லது ஃப்ளோ மீட்டர் ஸ்கேலிங் திரையில் ஒன்றும் பிஎல்சியில் வேறொன்றுமாக இருக்கிறது. சாய்வு நேர்கோடாக இல்லாமல் திடீர் திடீரென்று குதித்தால் நுரையைச் சந்தேகப்படுங்கள். ரேடார் சில நேரம் சாற்றை விட்டுவிட்டு நுரையின் மேல்பரப்பைப் பார்க்கும்.

அடுத்தது யூனிட். இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். உங்கள் கன்ட்ரோலர் கெயினுக்குப் பதில் புரொபோர்ஷனல் பேண்ட் கேட்டால் 0.6 என்பது 167 சதவீதம். இன்டெக்ரலை விநாடியில் கேட்டால் 80 நிமிடம் என்பது 4800. நிமிடத்துக்கு எத்தனை ரிப்பீட் என்று கேட்டால் 0.0125. கெயினையும் இன்டெக்ரலையும் தனித்தனியாக வைக்கும் பேரலல் ஃபார்ம் என்றால் Ki = Kc ÷ Ti; நிமிடக் கணக்கில் 0.0075, விநாடிக் கணக்கில் 0.000125. பேரலல் ஃபார்மில் கெயினை மாற்றும்போது இன்டெக்ரல் டைமும் கூடவே மாறிவிடும் என்பதை மறக்கக்கூடாது. சில கன்ட்ரோலர்களில் இன்டெக்ரல் டைம் 3600 விநாடிக்கு மேல் போகாது. அப்படியானால் 60 நிமிடத்தையே வைத்து, கெயினை 0.6-இலேயே விடுங்கள். தணிப்பு 0.87 வரும், டிரெண்டில் வித்தியாசம் தெரியாது.

பிஎல்சியில் பிஐடி பிளாக் ஓடுகிறது என்றால் இன்னொரு பொறி இருக்கிறது, இதைக் கையேடுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பிளாக் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடினால், லெவல் பிழை 0.1 சதவீதமாக இருக்கும்போது ஒவ்வொரு முறையும் இன்டெக்ரல் கூட்ட வேண்டியது 0.6 × 0.1 × 0.1 ÷ 4800. அதாவது ஒரு சதவீதத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டி. அவுட்புட் 67-இல் இருக்கும்போது 32 பிட் ஃப்ளோட் எண்ணால் இவ்வளவு சிறியதைக் கூட்ட முடியாது. கூட்டியும் கூட்டாதது போலவே நிற்கும். இன்டீஜர் கணக்கு செய்யும் பழைய பிளாக் என்றால் இன்னும் மோசம், பல சதவீதப் பிழையையே விழுங்கிவிடும். லெவல் 50-க்குத் திரும்பாமல் 51-லோ 47-லோ பல மணி நேரம் நிற்கிறது, அவுட்புட்டும் அசையவில்லை என்றால் காரணம் இதுதான். பிளாக்கை இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஓடும் டாஸ்கில் போடுங்கள். இவ்வளவு மெதுவான லூப்புக்கு இரண்டு விநாடி தாராளம்.

எண்களை மாற்றும் வரிசை: கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, முதலில் இன்டெக்ரல் டைமைக் கூட்டுங்கள், பிறகு கெயினை 0.6 ஆக்குங்கள். டெரிவேட்டிவ் பூஜ்யம். லெவல் 50-க்குப் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டோவுக்குப் போங்கள். ஷிஃப்ட் ஆட்களிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். லெவல் 70-க்குப் போனாலும் 30-க்கு வந்தாலும் மேனுவலுக்குப் போக வேண்டாம். அது திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். செட்பாயின்ட்டையும் தொட வேண்டாம். பல கன்ட்ரோலர்களில் செட்பாயின்ட்டைப் பத்து சதவீதம் மாற்றினால் அந்த நொடியே ஃப்ளோ 6 சதவீதம், அதாவது 9 கன மீட்டர் குதிக்கும். எவாப்பரேட்டருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு வேண்டாம்.

இவ்வளவும் மில் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான். கேரியர் அடைத்து மில் நின்றுபோனால் இந்த ட்யூனிங் உங்களைக் காப்பாற்றாது, அதற்காக அமைத்ததும் இல்லை. கிளாரிஃபையர் எப்போதும் நிரம்பியே இருப்பதால் மிக்ஸ்டு ஜூஸ் நின்றதுமே வழிவதும் நின்றுவிடும். 50 சதவீதத்தில் இருக்கும் 15 கன மீட்டரை, மணிக்கு 100 இழுத்தால் ஒன்பது நிமிடத்தில் டேங்க் காலி. 80 நிமிட இன்டெக்ரலுக்கு அது கண் இமைக்கும் நேரம். இதைச் சமாளிக்க ட்யூனிங்கை இறுக்குகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்குச் சில தடவை வரும் அவசரத்துக்காக, மீதி நாளெல்லாம் எவாப்பரேட்டரை ஆட்டுவது நியாயமில்லை. அவசரத்துக்குத் தனியாக ஒரு காவல் போடுங்கள்: லெவல் 30-க்கு மேல் இருந்தால் 100 சதவீதம் வரை அனுமதி, 30-லிருந்து 5-க்கு இறங்கும்போது அனுமதி நேர்கோடாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்.

```
limit = 4 × (level − 5)          // 0 முதல் 100-க்குள் நிறுத்தவும்
flow_sp = MIN(pi_out, limit)
```

சாதாரண ஓட்டத்தில் இந்தக் காவல் குறுக்கே வராது. லெவல் 25-க்கு இறங்கினாலும் அது 80 சதவீதத்தை அனுமதிக்கிறது, பிஐ கேட்பது அதற்குக் குறைவு. மேல் பக்கத்துக்கும் இதேபோல ஒன்று, MAX கொண்டு, லெவல் 75-லிருந்து 95-க்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, flow_sp-யின் மதிப்பை பிஐ பிளாக்கின் டிராக்கிங் இன்புட்டுக்கோ எக்ஸ்டர்னல் ரீசெட்டுக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், காவல் பொறுப்பேற்ற நேரத்தில் இன்டெக்ரல் தன் பாட்டுக்கு வேறெங்கோ போயிருக்கும். 80 நிமிட இன்டெக்ரல் வழிதவறினால் திரும்பி வர அரை ஷிஃப்ட் ஆகும். மில் நின்ற நேரத்தில் எவாப்பரேட்டருக்குத் தண்ணீர் விட்டு ஓட்டும் உங்கள் வழக்கம் அப்படியே இருக்கட்டும். காவல் எப்போது பொறுப்பேற்றது என்று திரையில் ஒரு விளக்கு காட்டினால், தண்ணீரை எப்போது திறப்பது என்று ஆப்பரேட்டருக்கே தெரிந்துவிடும்.

மாற்றிய பிறகு ஒரு முழு நாள் டிரெண்டில் லெவலையும் வெளியே போகும் ஃப்ளோவையும் சேர்த்துப் பாருங்கள். லெவல் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலேயே அடங்கிக் கிடந்தால், நீங்கள் நினைத்த 30 கன மீட்டர் மாற்றம் உண்மையில் வருவதில்லை; கெயினை 0.4-க்கு இறக்கலாம். ஆனால் இறக்கும்போது Ti 120 நிமிடமாக வேண்டும், 48 என்ற பெருக்கலை விடாதீர்கள். அலாரம் அடிக்கடி அடித்தால் எதிர்த்திசையில், 0.8-க்கு 60 நிமிடம். இதெல்லாம் செய்தும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே அளவில் ஆட்டம் தொடர்ந்தால், அதிலும் ஃப்ளோ ஒரு படியாகக் குதித்து நின்று, லெவல் ரம்பப்பல் போல் ஏறி இறங்கினால், அப்போது வால்வைக் கழற்றும் நேரம். அது ஒட்டிக்கொண்டு விடுபடும் வால்வு. ஃப்ளோ கன்ட்ரோலரை ஆட்டோவில் விட்டு அதன் செட்பாயின்ட்டை 1 சதவீதம் மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃப்ளோ சில நிமிடம் அசையாமல் இருந்து பிறகு தாண்டிக் குதித்தால் அதுவே சான்று. லெவல் கன்ட்ரோலரில் எந்த எண்ணைப் போட்டாலும் அது தீராது.